மெல்லிய தகட்டில் உறுதியான மரை: ரிவெட் நட் எப்படிப் பிடிக்கிறது, ஏன் சுற்றிக்கொள்கிறது

1.2 மி.மீ. தடிமனுள்ள இரும்புத் தகட்டில் ஒரு எம்6 போல்ட்டை முறுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. துளை போட்டு டேப் ஓட்டி மரை வெட்டினால் போதாதா என்றுதான் முதலில் தோன்றும். எம்6 போல்ட்டின் மரைக்கு மரை இடைவெளி 1 மி.மீ. தகடே 1.2 மி.மீ. தான். ஆக, போல்ட்டைப் பிடிக்க ஒரே ஒரு சுற்று மரைதான் கிடைக்கும். சாதாரண எம்6 நட்டின் உயரம் சுமார் 5 மி.மீ., அதாவது ஐந்து சுற்று. அந்த ஐந்து சுற்று தாங்கவேண்டிய இழுவையை ஒரு சுற்றின் தலையில் வைத்தால், கையால் கொஞ்சம் இறுக்கும்போதே மரை உரிந்துவிடும்.

பின்பக்கம் நட் வைத்து முறுக்கலாமே என்றால், அங்கே கை போகவேண்டும். மூடிய பெட்டி, சதுரக் குழாய், கதவின் உள்வெற்று ஆகியவற்றில் அதற்கு வழியில்லை. நட்டைப் பற்றவைத்தால் பூச்சு கருகும், மெல்லிய தகடு சூட்டில் நெளியும். இந்தச் சிக்கலுக்காக வந்ததுதான் ரிவெட் நட். 1930களில் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம், விமான இறக்கையின் முன்விளிம்பில் பனி படியாமல் தடுக்கும் ரப்பர் உறைகளைப் பொருத்துவதற்காக இதைக் கொண்டுவந்தது. இறக்கைக்குள்ளே ஆள் கை விட்டு நட் பிடிக்க முடியாது. முன்பக்கமிருந்தே எல்லாம் நடந்தாக வேண்டும்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு நகர்கிறது: 1.2 மி.மீ. இரும்புத் தகட்டில் எம்6 ரிவெட் நட் ஒன்றைப் பதித்து, அதில் 3 மி.மீ. தடிமனுள்ள தாங்கி, அதாவது பிராக்கெட், ஒன்றை மாட்டுவது. மற்ற அளவுகளுக்கு எண்கள் மாறும், காரணங்கள் மாறாது.

உள்ளே என்ன இருக்கிறது

ஒரு ரிவெட் நட்டைக் கையில் எடுத்து நெடுக்காகப் பிளந்தால் மூன்று பகுதிகள் தெரியும். மேலே தட்டையான தலை. அது தகட்டின் முன்முகத்தில் உட்காரும். அதற்குக் கீழே மெல்லிய சுவருள்ள வெற்றுக்குழாய். அதில் மரை கிடையாது. அடியில் தடித்த சுவருள்ள பகுதி. மரை இங்கே மட்டும்தான் இருக்கிறது.

பதிக்கும் கருவியின் முனையில் மாண்ட்ரல் என்ற மரைக்கம்பி இருக்கும். அதை நட்டுக்குள் முறுக்கி, துளைக்குள் நுழைத்து, கருவியை அழுத்தினால் மாண்ட்ரல் மரைப்பகுதியை மேல்நோக்கி இழுக்கும். தலை கருவியின் முகத்தில் முட்டி நிற்பதால் மேலே போக முடியாது. நடுவிலுள்ள மெல்லிய சுவர்தான் நசுங்கியாக வேண்டும். அது வெளிப்பக்கமாகப் புடைத்து, மடிந்து, தகட்டின் பின்முகத்தில் ஒரு வளையமாக அமர்கிறது. இப்போது தகடு, முன்னே தலைக்கும் பின்னே மடிப்புக்கும் நடுவில் கவ்வப்பட்டிருக்கிறது. மாண்ட்ரலைக் கழற்றினால் ஆறு ஏழு சுற்று நல்ல மரை தயாராக இருக்கும்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. போல்ட்டை மரை பிடிக்கிறது, நட்டைத் தகடு பிடிக்கிறது. இவை இரண்டும் தனித்தனிப் பிடிகள். மரை அநேகமாக என்றைக்கும் பிரச்சினை தராது. தகட்டோடுள்ள பிடி தளர்ந்தால்தான் நட் துளைக்குள் சும்மா சுற்றும். போல்ட் இறுகவும் இறுகாது, கழலவும் கழலாது. ரிவெட் நட் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றில்தான் வந்து நிற்கும். எனவே துளையிடுவது முதல் போல்ட் போடுவது வரை செய்கிற எல்லாமே அந்த இரண்டாவது பிடியைக் காப்பாற்றத்தான்.

எந்த நட்டை வாங்குவது

இரும்புத் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு நட் பொருத்தம். அலுமினிய நட் எளிதாக மடியும், சின்னக் கைக்கருவியே போதும். ஆனால் மரையும் மடிப்பும் மென்மையாக இருப்பதால், மூடிகள், ஒயர் பிடிப்பான்கள் போன்ற இலேசான பாரத்துக்கே அது சரி. மழை படும் இடத்தில் இரும்போடு அலுமினியம் ஒட்டியிருந்தால் அரிப்பும் வேகமாக வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட்டை மடிக்க நிறைய விசை வேண்டும். குட்டைக் கைப்பிடிக் கருவியால் எம்6 ஸ்டெயின்லெஸ் நட்டைப் பதிக்க முயன்றால், பாதியில் நின்றுபோய் அரைகுறையாகத் தொங்கும். அதற்கு நீளக் கைப்பிடியுள்ள இரண்டு கைக் கருவியோ மின்கருவியோ தேவை.

உடலின் வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கும் நட்டைத் தவிர்ப்பது நல்லது. நெடுக்காகக் கோடுகள் வரிந்த, அதாவது நர்லிங் செய்த உடல், துளையின் சுவரைக் கடித்துக்கொண்டு சுற்றாமல் நிற்கும். அதைவிட உறுதியானது அறுகோண உடல். ஆனால் அதற்கு அறுகோணத் துளை வேண்டும், அதற்குத் தனி பஞ்ச் தேவை. அந்தப் பஞ்ச் இருந்தால் யோசிக்காமல் அறுகோணத்தையே எடுக்கலாம். இல்லாதவர்களுக்கு நர்லிங் நட்டும் துல்லியமான வட்டத் துளையும் போதும்.

கடையில் கேட்டு வாங்கவேண்டிய இன்னொரு விவரம் பிடிப்பு எல்லை. ஒவ்வொரு நட்டும் இத்தனை மி.மீ. முதல் இத்தனை மி.மீ. வரையுள்ள தகட்டுக்கு என்று செய்யப்பட்டிருக்கும். எம்6 அளவில் 0.5 முதல் 3 மி.மீ. வரை என்பது பரவலாகக் கிடைப்பது. அதற்கு மேல் தடிமனுக்கு நீளமான நட் தனியாக வரும். தடித்த தகட்டுக்கான நீள நட்டை 1.2 மி.மீ. தகட்டில் போட்டால், சுவர் எங்கே புடைக்கவேண்டுமோ அங்கே புடைக்காமல் நடுவில் எங்கோ புடைக்கும். மடிப்புக்கும் தகட்டுக்கும் இடையே சந்து விழும். முன்பக்கமிருந்து பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தெரிவதுதான் இதன் மோசம்.

துளை: வேலையின் பாதி இங்கே முடிகிறது

வட்ட உடலுள்ள மெட்ரிக் ரிவெட் நட்களுக்கு வழக்கமான துளை அளவுகள் எம்4க்கு 6 மி.மீ., எம்5க்கு 7 மி.மீ., எம்6க்கு 9 மி.மீ., எம்8க்கு 11 மி.மீ. எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே அளவைப் பின்பற்றுவதில்லை. ஆகவே டிரில்லை எடுக்கும் முன் நட்டின் உடலை வெர்னியர் காலிப்பரால் அளந்துவிட வேண்டும். உடல் 8.9 மி.மீ. காட்டினால் துளை 9.0 இருக்கவேண்டும். 9.1 வரை பொறுத்துக்கொள்ளலாம். 9.3 ஆனால் அந்தத் துளையை விட்டுவிடலாம்.

0.2 மி.மீ. கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். நர்லிங் கோடுகளின் உயரமே மிகச் சொற்பம். துளை தளர்ந்தால் அவை சுவரைத் தொடவே தொடாது. நட் இறுகும்போது சுவர் முதலில் துளையின் உள்ளேயே வீங்கி இடத்தை நிரப்பப் பார்க்கும், அதுவும் ஒருபக்கமாகச் சாய்ந்து. மடிப்பு கோணலாக அமையும். கவ்வல் ஒரு ஓரத்தில் மட்டும் இருக்கும், மறு ஓரம் காற்றில் நிற்கும்.

மெல்லிய தகட்டில் வட்டமான துளை போடுவது நினைப்பதுபோல் எளிதல்ல. சாதாரண முறுக்கு டிரில்லின் கூர்முனை, அதன் முழு விட்டமும் தகட்டுக்குள் இறங்கும் முன்பே மறுபக்கம் வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் டிரில்லை நேராகப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. அது அலைந்து, மூன்று மூலை மழுங்கிய முக்கோணம்போல் ஒரு துளையைத் தரும். காலிப்பரால் ஒரு திசையில் அளந்தால் 9.0, இன்னொரு திசையில் 9.4.

ஸ்டெப் டிரில் இதற்கு ஏற்ற கருவி. படிக்கட்டுபோல் விட்டம் கூடிக்கொண்டே போவதால் ஒவ்வொரு படியும் முந்தைய படி போட்ட வட்டத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும். ஆனால் வாங்கும்போது படிகளைப் பாருங்கள். பல ஸ்டெப் டிரில்களில் 4, 6, 8, 10, 12 என்று இரட்டை அளவுகள்தான் இருக்கும், 9 இருக்காது. 1 மி.மீ. கூடும் படிகளுள்ளதைக் கேட்டு வாங்கவேண்டும். இரட்டைப் படிதான் கையில் இருக்கிறது என்றால், அதில் 8 மி.மீ. வரை போய் நிறுத்தி, தகட்டின் பின்னே மரக்கட்டையை வைத்து இறுக்கிக் கட்டி, 9 மி.மீ. முறுக்கு டிரில்லை மெதுவாக இறக்கலாம். பின்னால் கட்டை வைக்க வழியில்லாத மூடிய பெட்டியில் டிரில் தகட்டைக் கவ்வி இழுக்கும் அபாயம் உண்டு. அங்கே 8 மி.மீ. துளையை வட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, நட்டையே அளவுகோலாக வைத்துப் பார்ப்பது பாதுகாப்பானது. நேரம் எடுக்கும், ஆனால் துளை கையை மீறாது.

செய்முறை இது. இடத்தைக் குறித்து, சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி தட்டுங்கள். துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து துளை விட்டத்தைப்போல இரண்டு மடங்காவது, இங்கே 18 மி.மீ., உள்ளே இருக்கட்டும். இல்லாவிட்டால் மடிப்பு அழுந்தும்போது ஓரம் வீங்கும். 3 மி.மீ. வழித்துளை போடுங்கள். ஸ்டெப் டிரில்லில் 9 மி.மீ. படிக்கு மேலே ஒரு சுற்று நாடா ஒட்டிவிட்டு, குறைந்த வேகத்தில், ஒரு சொட்டு எண்ணெயோடு இறங்குங்கள். 9 மி.மீ. படி தகட்டை முழுவதும் கடந்ததும் நிறுத்தவேண்டும். அடுத்த படி துளையின் வாயை இலேசாகத் தொட்டால் பிசிறு போய்விடும், அவ்வளவு தொடுவது நல்லதே. அழுத்திவிட்டால் துளையின் வாய் சரிவாகிவிடும். 1.2 மி.மீ. சுவரில் 0.5 மி.மீ. சரிவாகப் போனால், நர்லிங் கடிப்பதற்கு 0.7 மி.மீ. தான் மிஞ்சும்.

பின்பக்கப் பிசிறைக் கட்டாயம் எடுக்கவேண்டும். பிசிறின் மேல் மடிப்பு உட்கார்ந்தால் இன்றைக்கு இறுக்கமாக இருக்கும், அதிர்வில் பிசிறு நசுங்கியதும் தளரும். தலை உட்காரும் இடத்தில் பெயின்ட் தடிமனாக இருந்தாலும் இதே கதைதான். துளையைச் சுற்றித் தடித்த பூச்சைச் சுரண்டிவிட்டு, வெட்டிய ஓரத்துக்குத் துருத்தடுப்பு பிரைமரை மெல்லியதாகத் தொட்டுவைத்து உலரவிடுவது சரியான வழி.

நட் துளைக்குள் கைவிரல் அழுத்தத்தில், கொஞ்சம் முரண்டு பிடித்து நுழைய வேண்டும். தானாக விழுந்தால் துளை பெரிது.

எவ்வளவு இழுப்பது

இங்கேதான் பலரும் கைக்கணக்கில் போய்த் தவறுகிறார்கள். குறைவாக இழுத்தால் மடிப்பு தகட்டில் அழுந்தாது, நட் சுற்றும். அதிகமாக இழுத்தால் மடிப்பு முழுதும் மூடியபின் விசை எல்லாம் மரையின் மேல் விழும். மரை நீண்டு கெடும், அல்லது மாண்ட்ரல் அதை உரித்துக்கொண்டு வந்துவிடும். சரியான இழுவை தூரத்தை அளந்து கண்டுபிடிக்க முடியும்.

பதிக்காத நட்டைத் தலை மேலாக மேசையில் நிறுத்தி, காலிப்பரின் ஆழக்கம்பியை உள்ளே விடுங்கள். சுவரை ஒட்டிக் கீழே இறக்கினால், மெல்லிய சுவர் முடிந்து மரைப்பகுதி தொடங்கும் படியில் கம்பி முட்டும். அந்த ஆழம் 9.0 மி.மீ., தலையின் தடிமன் 1.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், மரையில்லாத குழாயின் நீளம் 7.5 மி.மீ. மெல்லிய சுவரின் தடிமன் 0.8 மி.மீ. என்போம். முழுவதும் மடிந்தபின் அந்த 7.5 மி.மீ. இடத்தில் மிஞ்சியிருப்பது தகட்டின் 1.2 மி.மீ. தடிமனும், இரண்டாக மடிந்த சுவரின் 1.6 மி.மீ. தடிமனும் மட்டும்தான். ஆகவே,

```
இழுவை = 7.5 − 1.2 − 1.6 = 4.7 மி.மீ.
```

இது மேல் எல்லை. மடியும்போது சுவர் கொஞ்சம் தடிக்கும் என்பதால் உண்மையில் 4.7 வரை போகாது. 4 முதல் 4.5 மி.மீ. க்குள் மடிப்பு தகட்டில் இறுகிவிடும். உங்கள் கையிலுள்ள நட்டுக்கு இந்த எண்களை நீங்களே அளந்து போட்டுக்கொள்ள வேண்டும். இதே 1.2 மி.மீ. தகட்டின் துண்டு ஒன்றில் இரண்டு மூன்று நட்களைச் சோதனையாகப் பதித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். மடிப்பு வட்டமாக, எல்லாப் பக்கமும் தகட்டைத் தொட்டு, வெடிப்பில்லாமல் இருக்கவேண்டும்.

இந்த அளவுமுறையின் அழகு என்னவென்றால், பின்பக்கமே தெரியாத மூடிய பெட்டியிலும் இது வேலை செய்யும். பதித்தபின் அதே ஆழக்கம்பியை முன்பக்கமிருந்து விடுங்கள். முன்பு 9.0 காட்டிய இடத்தில் இப்போது 4.5 முதல் 5.0 காட்டினால் மடிப்பு சரியாக அமைந்திருக்கிறது. 6.5 காட்டினால் இன்னும் இழுக்கவேண்டியிருக்கிறது. கருவியை மறுபடி மாட்டி இழுத்தால் போதும். பார்க்க முடியாததை அளந்து தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

கருவியில் இழுவையைக் கட்டுப்படுத்தும் திருகு இருந்தால், சோதனைத் துண்டில் கிடைத்த தூரத்துக்கு அதை அமைத்துவிட்டு மாற்றாமல் வேலையை முடியுங்கள். மாண்ட்ரல் நட்டின் அடிவரை போய், ஒரு மரையாவது மறுபக்கம் எட்டிப்பார்க்க வேண்டும். பாதி மரையில் நிற்க வைத்து இழுத்தால் அந்தப் பாதியே எல்லா விசையையும் தாங்கி உரிந்துவிடும். தலை தகட்டில் சந்தில்லாமல் உட்கார்ந்திருக்க, கருவியை நேராக அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுக்கவேண்டும். பின்பக்கம் எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் முன்பே பாருங்கள். நம் நட் பதிக்கும் முன் தகட்டுக்குப் பின்னே சுமார் 13 மி.மீ. நீளும், மாண்ட்ரலின் முனையோடு 15 மி.மீ. ஆகும். பதித்தபின் அது 8, 9 மி.மீ. ஆகக் குறைந்துவிடும் என்பது உண்மை, ஆனால் நுழைவதற்கே இடம் இல்லையென்றால் அந்தக் குறைவால் பயனில்லை.

ஒன்றிரண்டு நட் மட்டும் பதிக்கவேண்டும், கருவி இல்லை என்றால் போல்ட்டை வைத்தே செய்யலாம். 40 மி.மீ. நீளமும், முழு மரையும், 8.8 அல்லது 10.9 தரமும் உள்ள எம்6 போல்ட் ஒன்று. அதில் ஒரு நட்டை மேலே ஏற்றிவிட்டு, கீழே எண்ணெய் தடவிய இரண்டு வாஷர்களைப் போடுங்கள். அதற்கும் கீழே 5 மி.மீ. தடித்த, 6.5 மி.மீ. துளையுள்ள, கையில் பிடிக்குமளவு நீளமான பட்டை ஒன்று. அதற்கு அடியில் ரிவெட் நட்டை முறுக்குங்கள். இந்தக் கோர்வையைத் துளைக்குள் வைத்து, போல்ட்டின் தலையை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை இன்னொரு ஸ்பேனரால் வலப்பக்கம் திருப்புங்கள். பட்டை சுற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு இன்னொருவர் கை அல்லது ஒரு கிளாம்ப் உதவும். நட் திரும்பும் உராய்வைப் பட்டை வாங்கிக்கொள்வதால் அது ரிவெட் நட்டின் தலைக்குப் போகாது.

இந்த முறையில் ஒரு வசதி தானாகவே கிடைக்கிறது. எம்6 மரையின் இடைவெளி 1 மி.மீ. என்பதால் நட்டை ஒரு முழுச் சுற்று திருப்பினால் 1 மி.மீ. இழுவை. சந்தெல்லாம் போய் எல்லாம் தொட்டு நிற்கும் நிலையிலிருந்து நாலேகால் சுற்று என்று எண்ணிக்கொண்டே போகலாம். நட்டின் ஒரு மூலையில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திருப்பும்போது முதலில் விசை ஏறும், சுவர் மடியத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், மடிப்பு தகட்டில் முட்டியதும் திடீரென்று கனமாகும். அந்தக் கனம் வந்ததும் நிறுத்தவேண்டும்.

போல்ட்டின் நீளத்தில் ஒளிந்திருக்கும் தவறு

நட் நன்றாகப் பதிந்திருந்தும் பலர் சறுக்கும் இடம் இது. ரிவெட் நட்டில் மரை, தலையருகே தொடங்குவதில்லை. நம் கணக்கில் பதித்தபிறகும் மரை, தலையின் முகத்திலிருந்து 4.5 மி.மீ. உள்ளே தள்ளித்தான் ஆரம்பிக்கிறது. அந்த 4.5 மி.மீ. தூரம் போல்ட் வெறும் குழாய்க்குள் பயணம் செய்கிறது.

தாங்கி 3 மி.மீ., எம்6 வாஷர் 1.6 மி.மீ., வெறும் குழாய் 4.5 மி.மீ. கூட்டினால் 9.1 மி.மீ. இங்கே 10 மி.மீ. போல்ட் போட்டால் மரையில் ஏறுவது 0.9 மி.மீ. மட்டுமே, ஒரு சுற்றுகூட இல்லை. தகட்டில் நேராக மரை வெட்டினால் ஒரு சுற்றுதானே கிடைக்கும் என்று தொடங்கினோம், கடைசியில் அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம். 12 மி.மீ. போட்டால் மூன்று சுற்று, அதுவும் போதாது. 16 மி.மீ. போட்டால் 6.9 மி.மீ. ஏறும், மரைப்பகுதி முழுவதும் வேலை செய்யும். எம்6க்கு இரும்பில் 6 மி.மீ. அளவு மரை பிடித்தால் போதுமானது. திறந்த அடியுள்ள நட்டில் 20 மி.மீ. போட்டாலும் பழுதில்லை. மூடிய அடியுள்ள நட்டில் மட்டும் போல்ட்டின் நுனி அடியில் முட்டிக்கொள்ளும். தாங்கி இறுகாமலேயே போல்ட் இறுகியதுபோல் தோன்றும்.

தாங்கி தலையின் மேல் உட்கார வேண்டும்

தாங்கியில் உள்ள துளை 6.5 மி.மீ. இருக்கட்டும். அப்போது தாங்கி ரிவெட் நட்டின் தலைமேல், சுமார் 13 மி.மீ. அகலமுள்ள அந்த வளையத்தின்மேல் அழுந்தி நிற்கும். போல்ட்டை இறுக்கும்போது வரும் இழுவை, போல்ட்டின் தலையிலிருந்து தாங்கி வழியே நட்டின் தலைக்கு வந்து, நட்டுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். நட்டைத் தகட்டிலிருந்து அது பிடுங்கப் பார்க்காது.

தாங்கியின் துளை 14 மி.மீ. என்றிருந்து, மேலே பெரிய வாஷர் போட்டு இறுக்கினால் நிலைமை தலைகீழ். தாங்கி இப்போது தலையைத் தாண்டித் தகட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டைத் திருப்பத் திருப்ப அது நட்டைத் தகட்டிலிருந்து மேலே பிடுங்கும் ஜாக்கியாக மாறும். தலை தகட்டைவிட்டு எழும்பும், மடிப்பு மேலும் நசுங்கும், தகடு குழியும், பிடி போகும். இறுக்க இறுக்க இறுகிக்கொண்டே போவதுபோலத் தெரிந்து, திடீரென்று சுற்ற ஆரம்பித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தலை 1.5 மி.மீ. உயர்ந்து நிற்பதால் தாங்கிக்கும் தகட்டுக்கும் இடையே அத்தனை சந்து இருக்கும். அது கண்ணை உறுத்தினால், தாங்கியில் பெரிய துளை போட்டுத் தலையை உள்ளே மறைக்காதீர்கள். மெல்லிய தலையுள்ள வகையை வாங்குங்கள், அல்லது 1.5 மி.மீ. தடிமனில் ஒரு தகட்டுத் துண்டை வெட்டி, தலைக்கு இடம்விட்டு, சந்தை நிரப்புங்கள்.

இறுக்கும் அளவு பற்றி ஒரு எச்சரிக்கை. 8.8 தர எம்6 போல்ட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சுமார் 10 நியூட்டன் மீட்டர் என்பது போல்ட்டின் அளவு. ரிவெட் நட் அதற்கு முன்பே சுற்றிவிடலாம், அலுமினியமாக இருந்தால் மரையே போகலாம். வாங்கிய நட்டின் விவரத்தாளில் உள்ள எண்ணைப் பின்பற்றுங்கள். தாள் இல்லையென்றால் சோதனைத் துண்டில் பதித்த நட்டைப் பயன்படுத்துங்கள். தலையிலிருந்து தகட்டுக்கு நீளும்படி மார்க்கரால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டை மறைக்காத சின்ன வாஷரோடு போல்ட்டைப் படிப்படியாக இறுக்குங்கள். கோடு எந்த இறுக்கத்தில் முறிந்து விலகுகிறதோ, அதில் பாதியளவோடு உண்மையான வேலையில் நிற்கவேண்டும். ஸ்டெயின்லெஸ் நட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுபவர்கள் மரையில் ஒட்டாதபடி தடுக்கும் பசையைத் தடவாமல் போடக்கூடாது. அந்த உலோகம் தன்மேல் தானே கவ்வி இறுகிப்போகும் குணமுடையது. கழற்றும் நாளில் போல்ட்டோடு நட்டும் சுற்றும்.

பாரத்துக்கும் எல்லை உண்டு. மரை எவ்வளவு உறுதியானாலும் பாரத்தைக் கடைசியில் தாங்குவது 1.2 மி.மீ. தகடுதான். நீட்டிக்கொண்டு நிற்கும் தாங்கியின் மேல் போல்ட் தகட்டை வெளியே இழுக்கும்படி பாரம் தொங்கினால், நட் பிடித்திருக்கும்போதே தகடு வளையும். அங்கே ஒரு நட்டை நம்பாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடவேண்டும். முடிந்தால் பின்னே 3 மி.மீ. பட்டையை ஒட்டி, மொத்தத் தடிமனுக்கேற்ற பிடிப்பு எல்லையுள்ள நட்டைப் போடலாம்.

சுற்றிக்கொண்டுவிட்டால்

போல்ட் உள்ளே மாட்டியிருக்க நட் சுற்றுகிறது என்றால், முதலில் தாங்கிக்கும் தகட்டுக்கும் இடையே தட்டை ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பிக்கொண்டே போல்ட்டை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். மடிப்பைத் தகட்டோடு இழுத்துப் பிடித்தால் அந்த உராய்வே பலசமயம் போதும். அசையாவிட்டால் போல்ட்டின் தலையை வெட்டித் தாங்கியை எடுத்துவிடலாம். பிறகு நட்டின் தலையின் இரு பக்கத்தையும் அரத்தால் தட்டையாக்கி, லாக்கிங் பிளையரால் பிடித்துக்கொண்டு மிச்ச போல்ட்டை எடுக்கலாம்.

போல்ட் வந்துவிட்ட நட்டைத் துளைத்து எடுக்க, முதலில் போட்ட துளையின் அளவான 9 மி.மீ. டிரில்லையே எடுங்கள். நட்டின் வாய் தானே டிரில்லை மையத்தில் வைத்துக்கொள்ளும். தலை மட்டும் கழன்று வளையமாக வரும் வரை துளைத்தால் போதும், மேலும் இறங்கினால் தகட்டுத் துளை பெரிதாகும். நட் டிரில்லோடு சுற்றினால் தலையைப் பிளையரால் பிடிக்கவேண்டும். தலை போனதும் மிச்சத்தைப் பஞ்சால் உள்ளே தட்டிவிடலாம். மூடிய பெட்டியானால் அந்தத் துண்டு உள்ளே கிடந்து கலகலக்கும். மின்சாதனப் பெட்டியில் அதைக் காந்தக்கம்பி விட்டு எடுத்தே ஆகவேண்டும். எடுத்தபின் துளையை இரு திசையிலும் அளந்து பாருங்கள். 9.1க்குள் இருந்தால் அதே அளவில் புதிய நட் போடலாம். சுற்றிய நட் துளையைத் தேய்த்திருக்கும் என்பதால் அநேகமாக அப்படி இருக்காது. அப்போது துளையை 11 மி.மீ. ஆக்கி எம்8 நட்டைப் பதித்து, தாங்கியின் துளையை 8.5 மி.மீ. க்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். தேய்ந்த ஓரம் முழுவதும் வெட்டுப்பட்டுப் போய்விடும், புது நட்டுக்குப் புதுச் சுவர் கிடைக்கும்.